சொல்லாமல் விட்ட விதி: ஒரு வாதத்தைப் பிரித்துச் சோதிப்பது எப்படி? (முழுமையான வழிகாட்டி)

சனிக்கிழமை மாலைகளில் ஒரு சமூக மன்ற அறையில் மாணவர்களுக்குத் தமிழ் விவாதப் பயிற்சி தருகிறேன். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளும் தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு பயிற்சிச் சுற்றில் ஒரு மாணவி எழுந்து, மூச்சு விடாமல் இப்படிச் சொன்னாள்:

"2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் தமிழ் பேசுவோர் வெறும் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 3.3 விழுக்காடு. தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது. ஆகவே தொடக்கப்பள்ளிகளில் தமிழ்ப் பாட நேரத்தைக் கூட்ட வேண்டும்."

எதிரணியில் ஒரு பையன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பாட நேரத்தைக் கூட்டினால் வீட்டில் தமிழ் பேசிவிடுவார்களா?" அவளிடம் பதில் இல்லை. சுற்று முடிந்ததும் என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு மூணு புள்ளிவிவரம் கையில வச்சிருக்கணும், அக்கா" என்றாள்.

புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அவளுடைய எண்களை யாரும் மறுக்கவில்லை. எண்ணிலிருந்து முடிவுக்கு அவள் தாவிய தாவலைத்தான் அந்தப் பையன் கேட்டான். புள்ளிவிவரத்தை மலைபோலக் குவித்தாலும் அந்தத் தாவலுக்கு அது பதிலாகாது. பிறகு அவளும் நானும் உட்கார்ந்து அந்த நான்கு வாக்கியங்களைப் பிரித்துப் போட்டோம். அந்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு தாள். அதை நெடுக்குவாட்டில் மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சான்று, வலப்பக்கம் கூற்று, நடுப்பத்தி காலி. இந்த நடுப்பத்திக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சான்றின் மூலம் வேண்டும். யாரோ அனுப்பிய படமோ, செய்தித் தலைப்போ போதாது. எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை அது, யாரையெல்லாம் கேட்டார்கள் என்று பார்க்கும் அளவுக்காவது மூலத்தைப் புரட்டியிருக்க வேண்டும்.

கூடவே ஓர் ஆள் வேண்டும், அதுவும் உங்கள் முடிவை ஏற்காத ஆளாக இருந்தால் நல்லது. நமக்குத் தெரியாமல் நாம் நம்பிக்கொண்டிருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

சொற்களையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வோம். நீங்கள் நிறுவ விரும்புவது கூற்று. அதற்காக நீங்கள் காட்டுவது சான்று. இந்தச் சான்று இருந்தால் அந்தக் கூற்றுக்குப் போகலாம் என்று அனுமதிக்கும் பொதுவான எண்ணம் இணைப்பு விதி. ஆங்கில விவாத அணிகளில் பழகிய பிள்ளைகள் இதை 'வாரண்ட்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் வாசலில் போலீஸ் நிற்பதுபோல் இருக்கிறது என்பதால் நான் இணைப்பு விதி என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

1. கூற்றை எழுதி, அது ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள்

வலப்பக்கத்தில் கூற்றை முழு வாக்கியமாக எழுதுங்கள். "தமிழின் நிலை" என்பது தலைப்பு. "தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது" என்பதுதான் கூற்று. வினைமுற்று இல்லாவிட்டால் அதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அடுத்து, "ஆகவே", "எனவே", "அதனால்" என்ற சொற்களைத் தேடி வட்டமிடுங்கள். தமிழில் இணைப்பு விதி ஒளிந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் இந்தச் சொற்களுக்கு அடியில்தான். அந்த மாணவியின் பேச்சில் "ஆகவே" ஒன்றுதான் இருந்தது. ஆனால் தாவல்கள் இரண்டு. எண்களிலிருந்து "அழிகிறது" என்பதற்கு ஒரு தாவல், அதற்கு அவள் "ஆகவே" கூடப் போடவில்லை. "அழிகிறது" என்பதிலிருந்து "பாட நேரத்தைக் கூட்ட வேண்டும்" என்பதற்கு இன்னொன்று.

முதலாவது, நிலைமை என்ன என்று சொல்லும் கூற்று. இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கூற்று. இரண்டுக்கும் ஒரே விதி உதவாது. அதனால் இரண்டு தாள் எடுத்தோம். முதல் தாளில் கூற்றாக இருந்தது இரண்டாம் தாளில் சான்றாக இடம் மாறும். இதைப் பிரிக்காமல் மேலே போனால் கடைசிவரை குழப்பம்தான்.

2. சான்றை, அது அளந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்

நடுப்பத்திக்குப் போவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். சான்றை ஊதிப் பெரிதாக்கி எழுதினால், அது நடுவில் இருக்க வேண்டிய விதியையும் விழுங்கிவிடும். பிறகு இடைவெளியே இல்லாததுபோல் தோன்றும்.

"தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு" என்று மாணவி எழுதியிருந்தாள். கணக்கெடுப்பு அளந்தது அதை அல்ல. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகள் வீட்டில் மிக அதிகமாக எந்த மொழியைப் பேசுகிறார்கள் என்பதுதான் அந்த அட்டவணை. முதலிடத்துக்கு ஒரே ஒரு மொழி. தமிழ் என்று சொன்னவர்கள் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. அந்த அட்டவணையில் "சிங்கப்பூர்வாசி" என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே. வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி இந்த 2.5க்கு வெளியே இருக்கிறது.

ஆகவே இடப்பக்கத்தில் இப்படித் திருத்தினோம்: "வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகளின் பங்கு பத்தாண்டில் 3.3லிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது."

எழுதி முடித்ததும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. "இப்படிச் சொன்னா எடுப்பா இல்லையே, அக்கா." எடுப்பாக இருக்காதுதான். ஆனால் இந்த வாக்கியத்தை யாராலும் அசைக்க முடியாது.

3. நடுப்பத்தியை நிரப்புங்கள்

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. "இவன் கேகே மருத்துவமனையில் பிறந்தவன். ஆகவே இவன் சிங்கப்பூர்க் குடிமகன்." நடுப்பத்தியில் என்ன எழுதுவீர்கள்? வகுப்பில் உடனே பதில் வரும்: "சிங்கப்பூரில் பிறந்தவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள்." எழுதி, சத்தமாகப் படித்த கையோடு யாராவது ஒருவர் தயங்குவார். ஏனென்றால் அது சரியல்ல. இங்கே பிறந்தால் மட்டும் பிறப்புக் குடியுரிமை கிடைத்துவிடாது. பிறக்கும் நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும். சான்று உண்மை, பிறப்புச் சான்றிதழே கையில் இருக்கிறது. கூற்றும் ஒருவேளை உண்மையாக இருக்கலாம். இரண்டையும் இணைத்த விதிதான் ஓட்டை. எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

(வாதத்தை இப்படிப் பிரித்துக் காட்டிய ஸ்டீஃபன் டூல்மின் 1958ல் கையாண்ட உதாரணமும் பிறப்பைப் பற்றியதுதான். ஹாரி பெர்முடாவில் பிறந்தவன், ஆகவே அவன் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கலாம், அவன் பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராக இருந்தாலன்றி என்பார். அந்த "இருந்தாலன்றி" நமக்குப் பிறகு தேவைப்படும்.)

விதியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளிது. கூற்றில் இருந்து சான்றில் இல்லாத சொல்லை அடிக்கோடிடுங்கள். சான்றில் இருந்து கூற்றில் இல்லாத சொல்லையும் அடிக்கோடிடுங்கள். இந்த இரண்டு சொற்களையும் ஒரே பொது வாக்கியத்தில் கட்டுங்கள். "எங்கெல்லாம் இது இருக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்கும்" என்ற அச்சில் அது வர வேண்டும்.

மாணவியின் முதல் தாளில், கூற்றில் மட்டும் இருந்த சொல் "அழிதல்". சான்றில் மட்டும் இருந்தது "வீட்டில் முதலிடப் பங்கு குறைதல்". கட்டினால் கிடைப்பது இது: "வீட்டில் முதலிடத்தில் பேசுவோரின் பங்கு குறைந்துவரும் எந்த மொழியும் அழிந்துகொண்டிருக்கும் மொழி."

பழந்தமிழ் வாசித்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. மணிமேகலையில் அளவை பேசும் இடத்தில், மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நம் கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது நம் சான்று. அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அந்த அடுக்களை அங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற விதி நமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் பலித்திருக்கிறது என்று காட்டுவதற்காக வருகிறது. நம் நடுப்பத்திக்கும் ஓர் அடுக்களை வேண்டும்.

இந்தப் படியில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்று, சான்றையே வேறு வார்த்தையில் மறுபடி எழுதுவது: "ஏனென்றால் கணக்கெடுப்பே அப்படிச் சொல்கிறது." இது விதியல்ல. கணக்கெடுப்பு "அழிகிறது" என்று எங்கும் சொல்லவில்லை.

இரண்டு, நடுப்பத்தியில் இன்னொரு சான்றை வைப்பது: "ஏனென்றால் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள்." தனி ஒரு வீட்டைப் பற்றிய செய்தி என்றால் அது இடப்பக்கத்துக்குப் போக வேண்டியது. விதி எப்போதும் பொதுவாக இருக்கும், அதில் யார் பெயரும் எந்த ஆண்டும் வராது.

மூன்றாவதுதான் நம் ஆட்களுக்கே உரிய தவறு, பழமொழியைச் செருகுவது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று ஒருவர் சொன்னால் அரங்கமே தலையாட்டும். பழமொழி ஒன்றும் வெற்றுப் பேச்சல்ல, அது பார்ப்பதே இணைப்பு விதியின் வேலையைத்தான். சிக்கல் என்னவென்றால் எதிர்த்திசைக்கும் ஒரு பழமொழி தயாராக இருக்கும். சின்ன வயதில் வராத மொழி பிறகு வராது என்பவர் தொட்டில் பழக்கத்தைச் சொல்வார். எந்த வயதிலும் பேசப் பேச வரும் என்பவர் "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்பார். இரண்டுக்கும் கைதட்டு விழும். ஆனால் இரண்டில் எது இந்த வழக்குக்குப் பொருந்தும் என்று பழமொழியே சொல்லாது. பட்டிமன்ற மேடையில் இது ஓடும். நடுவர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கும் விவாதத்தில் ஓடாது. பழமொழி வாயில் வந்தால், அதை அழித்துவிட்டு அது சொல்லும் விதியைச் சாதாரண வாக்கியமாக எழுதுங்கள்.

4. விதிக்குள் வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்

இப்போது சோதனை. விதி பொதுவானது என்பதால் அதற்குள் வேறு பொருளைப் போட முடியும். போட்டதும் வரும் முடிவை நீங்களே ஏற்க மறுத்தால் விதியில் கோளாறு இருக்கிறது.

அதே கணக்கெடுப்பில் மாண்டரின் 35.6லிருந்து 29.9 விழுக்காடாகக் குறைந்தது. மலாய் 12.2லிருந்து 9.2 ஆனது. ஆங்கிலம் 32.3லிருந்து 48.3க்கு ஏறியது. "பங்கு குறைந்தால் அழிவு" என்ற விதி சரியென்றால், சிங்கப்பூரில் மாண்டரினும் அழிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். "அப்படிச் சொல்வியா?" என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்றாள். அப்படியானால் தமிழுக்கும் அந்த விதியை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. சான்றை அப்படியே வைத்துக்கொண்டு, கூற்று பொய்யாக இருக்கக்கூடிய ஒரு நிலைமையைக் கற்பனை செய்யுங்கள். ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுகிறார்கள், தாத்தா பாட்டியோடு தமிழ். நாள் முழுதும் கூட்டிப் பார்த்தால் ஆங்கிலம் முந்திவிடும், பிள்ளைகள் பெயருக்கு நேரே ஆங்கிலம் என்று பதிவாகும். தமிழ் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, முதல் நாற்காலியிலிருந்து இரண்டாம் நாற்காலிக்குப் போயிருக்கிறது. இது வெறும் கற்பனையும் அல்ல. வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் கூடவே ஒரு தாய்மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள் என்று அதே 2020 கணக்கெடுப்பு சொல்கிறது. அது எல்லா இனத்தவரையும் சேர்த்த எண், தமிழுக்கென்று தனியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிரணிக்கு இது இனிக்கும். ஆனால் அவர்கள் "ஆகவே தமிழ் பத்திரமாக இருக்கிறது" என்று முடித்தால் அவர்களுக்கும் ஒரு நடுப்பத்தி இருக்கிறது: "வீட்டில் இரண்டாம் மொழியாக இருக்கும் மொழி அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்." அது சரியா? தாத்தா பாட்டியோடு மட்டும் பேசப்பட்ட தமிழ், அவர்கள் காலத்துக்குப் பிறகு யாரோடு பேசப்படும்? அவர்கள் விதியும் நம்முடையதைப் போலவே ஆடும் நாற்காலிதான்.

இன்னொரு மறுப்பையும் சோதித்துவிட்டோம். "மொத்தத் தொகை கூடியதால்தான் தமிழின் பங்கு குறைந்ததுபோல் தெரிகிறது" என்று யாராவது சொல்லலாம். பங்கு குறைந்தால் எண்ணிக்கையும் குறைந்தது என்பது எப்போதும் செல்லும் விதியல்ல, அதனால் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சிங்கப்பூர்வாசிகள் 2010ல் ஏறத்தாழ 37.7 லட்சம், 2020ல் 40.4 லட்சம். ஏழு விழுக்காடு வளர்ச்சி. பங்கோ ஏறக்குறைய கால்வாசி குறைந்திருக்கிறது. ஏழு விழுக்காட்டு வளர்ச்சி அந்தக் குறைவை விளக்கப் போதாது. இந்த இடத்தில் மாணவியின் பக்கம் நின்றது.

5. விதியைச் சிறிதாக்குங்கள், அல்லது கூற்றைச் சிறிதாக்குங்கள்

விதி உடைந்ததும் புதியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. வாதத்தையே தூக்கி எறிவார்கள், அல்லது குரலை உயர்த்துவார்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் சான்று தாங்கக்கூடிய விதி எது என்று கீழே இறங்கிவந்து தேடுங்கள்.

முதல் தாளில் கூற்றை இப்படி மாற்றினோம்: "சிங்கப்பூர்வாசிகளின் வீடுகளில் தமிழ் முதல் மொழி என்ற இடத்தை இழந்துவருகிறது." இதற்கு வேண்டிய விதி மிகச் சிறியது: "வீட்டில் எதை அதிகம் பேசுகிறோம் என்று மக்கள் சொல்லும் பதில், பெரும்பாலும் அவர்கள் உண்மையில் பேசுவதோடு ஒத்துப்போகும்." இதையும் மறுக்கலாம்தான். சிலர் பாசத்தில் தமிழ் என்று சொல்லியிருக்கக்கூடும். ஆனால் இரண்டு கணக்கெடுப்பிலும் அந்தப் பாசம் இருந்திருக்கும் என்பதால், இறங்குமுகத்தை அது அவ்வளவாக மாற்றாது. "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது கோழைத்தனம் அல்ல, விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்ற அளவு.

இனி இரண்டாம் தாள், அவள் தோற்ற இடம். சான்று: தமிழ் வீட்டில் முதலிடத்தை இழக்கிறது. கூற்று: தொடக்கப்பள்ளியில் பாட நேரத்தைக் கூட்ட வேண்டும். செய்ய வேண்டியதைச் சொல்லும் கூற்றுக்கு நடுப்பத்தியில் எப்போதும் இரண்டு வரி இருக்கும். முதல் வரி மதிப்பைப் பற்றியது: "வீட்டில் தமிழ் முதலிடத்தில் இருப்பது காக்க வேண்டிய ஒன்று." இரண்டாவது, காரண காரியம்: "பள்ளியில் ஒரு மொழிக்குப் பாட நேரம் கூடினால் வீட்டில் அந்த மொழியின் பேச்சு கூடும்." மாணவி மனத்தில் முதல் வரி மட்டும் இருந்தது, அதுவே போதும் என்று நினைத்திருந்தாள். பையன் கேட்டது இரண்டாம் வரியை.

இரண்டாம் வரியைச் சோதித்தோம். தமிழ்ப் பிள்ளைகள் இத்தனை காலமும் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்துத்தான் வருகிறார்கள். அப்படியிருந்தும் வீட்டில் முதலிடம் குறைந்திருக்கிறது. பாடமாக இருந்தாலே வீட்டுப் பேச்சு நிலைத்துவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எதிரணியும் இதைக் கொண்டு ஒரேயடியாக வெல்ல முடியாது, பாடம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கலாம் அல்லவா?

அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன் நல்ல கேள்வி போட்டான். "1987லேர்ந்து எல்லாப் பள்ளியிலயும் ஆங்கிலம்தானே பயிற்று மொழி? வீட்டுக்குள்ள ஆங்கிலம் வந்தது அதனாலதானே? அப்ப பள்ளி மொழி வீட்டுக்குள்ள வரும்னுதானே அர்த்தம்?" வரும்தான், ஆனால் வேறு விதியின் வழியாக. ஆங்கிலம் அங்கே ஒரு பாடம் அல்ல. கணிதம், அறிவியல், நண்பர்களோடு அரட்டை, பிறகு வேலை, எல்லாம் அதில் நடக்கிறது. "பயிற்று மொழி வீட்டு மொழியாகும்" என்பதும் "பாட மொழி வீட்டு மொழியாகும்" என்பதும் ஒரே விதி அல்ல. ஒன்றுக்குக் கிடைத்த அடுக்களையை மற்றொன்றுக்குக் காட்டக் கூடாது.

இங்கே அவளுக்கு மூன்று வழி இருந்தது. விதிக்கு ஆதாரம் தேடலாம், அதாவது பாட நேரம் கூடிய ஓர் இடத்தில் வீட்டுப் பேச்சும் கூடியதைக் காட்டலாம். விலக்கைச் சேர்த்து, "பெற்றோர் வீட்டில் பேச மறுத்தாலன்றி" என்று கூற்றைக் கட்டலாம். அல்லது கூற்றையே மாற்றலாம். அவள் மூன்றாவதை எடுத்தாள்: பணத்தையும் நேரத்தையும் பள்ளிக்குள் கூட்டுவதைவிட, பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன் வீட்டில் பெற்றோர் தமிழில் பேச உதவும் திட்டங்களுக்குத் திருப்ப வேண்டும். விதி: "வீட்டுப் பேச்சை மாற்ற, வீட்டில் பேசுபவர்களைத் தொடும் முயற்சி, பிள்ளையை மட்டும் தொடும் முயற்சியைவிட நேராக வேலை செய்யும்." சான்றுக்கும் இந்த விதிக்கும் நடுவே இடைவெளி குறைவு. ஏனென்றால் சான்று பேசுவதே வீட்டைப் பற்றித்தான்.

6. விதியை வாய்விட்டுச் சொல்வதா, விட்டுவிடுவதா?

எல்லா விதியையும் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் தூங்கிவிடுவார். "மழை வருது, குடை எடுத்துக்கோ" என்னும் அம்மா, நனைவது நல்லதல்ல என்று விளக்கிக்கொண்டிருப்பதில்லை. கேட்பவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட விதியைச் சொல்லாமல் விடுவது குறையில்லை.

ஆனால் யார் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். தமிழ்மொழி விழா மேடையில் "தமிழ் காக்கப்பட வேண்டும்" என்ற வரியைச் சொல்லாமலே பேசலாம், அரங்கில் எல்லோரும் அதை நம்பித்தான் வந்திருக்கிறார்கள். அதே பேச்சைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் சீன, மலாய் அண்டை வீட்டாருக்கு முன் பேசினால் அந்த வரி காற்றில் தொங்கும். "உங்கள் மொழிக்கு ஏன் கூடுதல் செலவு?" என்பது அங்கே நியாயமான கேள்வி. தமிழ் மேடையிலேயே பழகிய பிள்ளைகள் இந்தக் கேள்வியை முதன்முறை கேட்கும்போது அதைப் பகையாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது பகை இல்லை, அவர்கள் சொல்லாமல் விட்ட வரியைத் திருப்பிக் கேட்பது.

என் வழக்கம் இது: கேட்பவர்களில் ஒருவராவது மறுக்கக்கூடும் என்றால் விதியைச் சொல்லிவிடுங்கள். சான்றுக்குப் பின், கூற்றுக்கு முன், ஒரே வாக்கியத்தில். கூற்றைச் சொல்லி முடித்த பிறகு யாராவது கேட்டு, அப்புறம் சொன்னால் அது சாக்குப்போக்குபோல் ஒலிக்கும்.

7. எதிரணியின் நடுப்பத்தியைக் கேட்பது

இது சுருக்கமானது. சான்றை மறுப்பதில் நேரம் போக்காதீர்கள். "நீங்கள் தந்த எண் சரி. அதிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்களே விதியைச் சொல்லட்டும். நீங்களே ஒரு மட்டமான விதியைக் கற்பித்து, அதை உடைத்துவிட்டு வென்றதாக நினைத்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற ஒரு வரியில் எல்லாம் போய்விடும். அவர்கள் திணறினால், அவர்கள் ஏற்கக்கூடியதிலேயே வலுவான விதியை நீங்கள் சொல்லி, "இதைத்தான் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்ற பிறகு மாற்றுப் பொருளைப் போட்டுக் காட்டுங்கள்.

8. திருத்திய பத்தி

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவி பேசியது இது. என் கை இதில் மிகக் குறைவு:

"வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகளின் பங்கு 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. தமிழ் அழிகிறது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அது முதலிடத்தை இழக்கிறது என்கிறேன். குறைவது வீட்டுப் பேச்சு. வீட்டுப் பேச்சை மாற்ற, வீட்டில் பேசுபவர்களைத் தொடும் முயற்சிதான் நேராக வேலை செய்யும். ஆகவே பள்ளிப் பாட நேரத்தைக் கூட்டுவதற்கு முன், சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கான திட்டங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்."

முன்பு கேள்வி கேட்ட அதே பையன் மறுபடி எழுந்தான். "பெற்றோருக்கே தமிழ் சரளமா வராத வீட்டுல இது எப்படி நடக்கும்?" இந்த முறை அவள் தாளைப் பார்க்கவில்லை. "அந்த வீடுகளுக்கு என் விதி பொருந்தாது. அவங்களுக்குப் பள்ளிதான் வழி. என் முன்னுரிமை, தமிழ் பேசத் தெரிஞ்சும் பேசாத வீடுகளுக்கு" என்றாள். பையன் தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு உட்கார்ந்தான். அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று அவன் கேட்டிருக்கலாம், அவளிடம் அதற்கு எண் இல்லை. அடுத்த வாரம் கேட்பான்.